உருளையின் மேல் எழுத்தைப் பதித்தல்

கணினியில் வரைந்த ஒரு பேனா குவளை. விட்டம் 60 மி.மீ., சுவரின் கனம் 3 மி.மீ. அதன் வளைந்த பக்கத்தில் 50 மி.மீ. அகலத்துக்கு ஒரு பெயரும் லோகோவும் குழிந்து தெரிய வேண்டும். எழுத்தைத் தட்டையான தளத்தில் வரைந்து, உருளைக்குள் 0.8 மி.மீ. ஆழம் நேராக வெட்டுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. குவளையைத் தொட்டு நிற்கும் தளத்திலிருந்து இப்படி வெட்டினால் நடுவில் சுமார் 14 மி.மீ. மட்டுமே பதியும். ஓர எழுத்துகள் இருக்கும் இடத்தில் பரப்பு 13 மி.மீ.க்கும் மேல் உள்வாங்கியிருப்பதால் வெட்டு அங்கே எட்டவே எட்டாது. எட்டட்டும் என்று ஆழத்தைக் கூட்டினால் நடுச்சுவர் ஓட்டையாகிவிடும்.

வளைந்த பரப்பையே அளவுகோலாக வைத்து வெட்டினால் ஆழம் சரியாகும். ஆனாலும் எழுத்தை நேர்கோட்டில் தள்ளும்வரை உருவம் சரியாகாது. ஓரத்தில் பரப்பு சாய்ந்திருப்பதால் அங்கே விழும் கோடு ஏறக்குறைய 1.8 மடங்கு அகலமாகும், 50 மி.மீ. பெயர் 59 மி.மீ. நீளும். எதிரே நின்று பார்த்தால் இது தெரியாது. குவளையைத் திருப்பியதும் ஓர எழுத்துகள் பருத்துத் தெரியும். பெயர் 15 மி.மீ. அகலம்தான் என்றால் இந்தப் பிழை 3 சதவீத அளவே. அதற்கு நேர்வெட்டே போதும்.

அகலமான எழுத்தைச் சுற்றித்தான் ஒட்ட வேண்டும், பாட்டிலில் லேபிள் ஒட்டுவதைப் போல. உருளையை விரித்தால் தட்டையான செவ்வகம் கிடைக்கும். அதனால் எழுத்து நீளாமல், சுருங்காமல் அதன் மேல் படியும். பந்தை அப்படி விரிக்க முடியாது. சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் இந்த வேலைக்கு உள்ள கட்டளை `Wrap`. குவளையைத் தொடும் தளத்தில் எழுத்தை வரைந்து, வளைந்த பரப்பைத் தேர்ந்து, குழிக்க `Deboss`, புடைக்க `Emboss` என்று கொடுத்து, ஆழத்தை 0.8 என்று இட வேண்டும். எழுத்தின் எல்லா இடத்திலும் ஆழம் ஒன்றாகவே இருக்கும், அடியில் 2.2 மி.மீ. சுவர் மிஞ்சும். குவளையின் சுற்றளவு 188.5 மி.மீ.; எழுத்து அதைத் தாண்டினால் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

கட்டளை பிழை காட்டி நின்றால் பெரும்பாலும் குற்றவாளி லோகோதான். படக்கோப்பிலிருந்து கொண்டுவந்த கோடுகளில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் இரட்டைக் கோடும் இருக்கும். எல்லாக் கோடுகளும் மூடிய வளையமாக இருந்தால்தான் வேலை நடக்கும். தூண்டுதூண்டாக ஒட்டுப்போடுவதைவிட, லோகோவின் மேலேயே சில வளைவுகளால் புதிதாக வரைந்துவிடுவது விரைவாக முடியும்.

முப்பரிமாண அச்சில் 0.4 மி.மீ. முனை பயன்படுத்தினால் எழுத்தின் கோடு 0.8 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அச்சுக்கு அனுப்பும் முன் அந்த வரைபடத்தை முழு அளவில் தாளில் எடுத்து, அதே விட்டமுள்ள ஒரு டப்பாவில் சுற்றிப் பாருங்கள். எழுத்தின் அளவும் இடமும் அதிலேயே தெரிந்துவிடும்.