“50% அட்வான்ஸ்” என்றால் எவ்வளவு?

தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர்கள் முன்பணம் கேட்பது பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில்தான். செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு இப்படியொரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம்: “சார், லோகோ, லேபிள், பாக்ஸ் எல்லாம் சேர்த்து 60 ஆகும். 50% அட்வான்ஸ் போட்டுவிடுங்கள், மீதி வேலை முடிந்ததும். ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா.” இதில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இதை நம்பிப் பணம் அனுப்புபவரும் பெறுபவரும் மனதில் வைத்திருக்கும் கணக்கு ஒன்றாக இருக்க வாய்ப்புக் குறைவு.

முதல் சிக்கல் “எல்லாம் சேர்த்து” என்பதில் இருக்கிறது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று மூன்று வகை. ஒவ்வொன்றிலும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று இரண்டு அளவு. நிறுவனத்தின் கணக்கில் இவை ஆறு லேபிள்கள். வடிவமைப்பாளரோ ஒரே ஒரு லேபிளை வரைந்து, பெயரையும் நிறத்தையும் மாற்றித் தருவதை மனதில் வைத்து விலை சொல்லியிருக்கலாம். ஆறு என்று பின்னால் தெரியவந்து தொகை 75,000 ஆனால், முதலில் கொடுத்த 30,000 பாதிப்பணமா இல்லையா என்ற கேள்வி வந்துவிடும். தவணைகளைச் சதவீதத்தில் எழுதாமல் ரூபாயில் எழுத வேண்டியதற்குக் காரணம் இதுதான். மொத்தத் தொகை மாறும்போது சதவீதம் ஏற்கெனவே கட்டிய தவணையையும் கலைத்துவிடும். ரூபாய்க் கணக்கு அப்படியே நிற்கும்.

“ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா” என்பது அடுத்தது. வடிவமைப்புச் சேவைக்கு வரி 18%. அதைச் சேர்த்தால் 60,000 என்பது 70,800 ஆகிறது. பாதி முன்பணம் 30,000-ஆ, 35,400-ஆ என்பதைச் செய்தி சொல்லவில்லை. சேவைகளைப் பொறுத்தவரை முன்பணம் கைக்கு வரும்போதே அந்தத் தொகைக்கான வரிப் பொறுப்பும் வந்துவிடுகிறது. ஆகவே ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் ஒவ்வொரு தவணையிலும் வரியைச் சேர்த்துக் கேட்பது முறைதான். முன்பணத்துக்குப் பெறுகைச் சீட்டும் தர வேண்டும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவையாளர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி ஜிஎஸ்டி இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலான சண்டைகள் பிறக்கும் இடம் “வேலை முடிந்ததும்” என்ற இரண்டு சொற்கள். பிடிஎஃப் கோப்பை அனுப்பியதும் வேலை முடிந்தது என்று வடிவமைப்பாளர் நினைப்பார். அச்சான லேபிள் பாட்டிலில் ஒட்டப்பட்ட பிறகே முடிந்தது என்பது நிறுவனத்தின் எண்ணம். இரண்டுக்கும் இடையே மாதங்கள் ஓடலாம். எண்ணெய் லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் ஊட்டச்சத்து விவரமும் இடம்பெற வேண்டும். உரிமம் தாமதமானால் வரைந்து முடித்தவரின் மீதிப் பணம் தொங்கிக்கொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு தவணையும் இருவரும் கண்ணால் பார்த்து “நடந்தது” என்று ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு நிகழ்வோடு கட்டப்பட வேண்டும். “லோகோ வேலை பாதி முடிந்ததும்” என்பது அப்படிப்பட்டதல்ல. “மூன்று லோகோ மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுவனம் மின்னஞ்சலில் தெரிவித்ததும்” என்பது அப்படிப்பட்டது.

இந்த விளக்கத்தை வடிவமைப்பாளரிடம் கேள்விக் கணைகளாகத் தொடுத்தால் அவநம்பிக்கையாகத் தோன்றும். தான் புரிந்துகொண்டதை எழுதி அனுப்பி, சரியா என்று கேட்பதே நயமான வழி. எண்ணெய் நிறுவனம் இப்படிப் பதில் எழுதலாம்:

“வணக்கம். உங்கள் 60,000 ரூபாய்க் கட்டணம் எங்களுக்குச் சம்மதம். நாங்கள் புரிந்துகொண்டது இது. மாற்றம் இருந்தால் சொல்லுங்கள். வேலை: ஒரு லோகோ, ஆறு லேபிள், ஒரு அட்டைப்பெட்டி. வேலையைத் தொடங்க 18,000. மூன்று மாதிரிகளில் ஒரு லோகோவை நாங்கள் உறுதிசெய்ததும் 18,000. லேபிள்களும் பெட்டியும் முழு வாசகத்தோடு பிடிஎஃப்பாக வந்து நாங்கள் ஒப்புதல் தந்ததும் 15,000. அச்சுக்குரிய மூலக் கோப்புகளைத் தரும்போது 9,000. ஒவ்வொன்றுக்கும் 18% ஜிஎஸ்டி தனி. உங்கள் பதிவு எண்ணை அனுப்பினால் முதல் தவணை 21,240 ரூபாயை நாளை அனுப்பிவிடுகிறோம்.”

நான்கு தவணையும் கூட்டினால் 60,000, வரியோடு 70,800. முன்பணம் 50%-இலிருந்து 30%-ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் லோகோ முடிவானதுமே 36,000 கைக்கு வந்துவிடுவதால் வடிவமைப்பாளருக்கு இதில் இழப்பில்லை. கடைசித் தவணை சிறியதாக இருப்பதும் அவருக்குப் பாதுகாப்பு. நிறுவனம் டிடிஎஸ் பிடிக்க வேண்டிய நிலையில் இருந்தால் அதையும் இந்தச் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். முன்பணத்திலும் டிடிஎஸ் பிடிக்கப்படும் என்பதை அறியாதவர், வங்கிக் கணக்கில் குறைவாக வந்த தொகையைப் பார்த்து முதல் நாளே மனம் கசந்துபோவார்.

ஒப்புதல் தர வேண்டியவர் பேசாமல் இருந்துவிட்டால் தவணையும் நின்றுவிடும். கோப்பு வந்த ஏழு நாளுக்குள் திருத்தம் சொல்லாவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் இது தீரும். உரிம எண்ணைப் போல நிறுவனம் தர வேண்டிய விவரம் வராவிட்டால், அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பிய லேபிளே மூன்றாம் தவணைக்குப் போதும் என்றும் எழுதிக்கொள்ளலாம். திருத்தங்களுக்கும் எல்லை வேண்டும். ஒரு சுற்று என்பது எல்லாத் திருத்தங்களையும் ஒரே பட்டியலாகத் தருவது. இப்படி இரண்டு சுற்று கட்டணத்தில் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று தொகை குறிக்க வேண்டும்.

வேலை நடுவில் நின்றால் முன்பணம் என்ன ஆகும் என்பதைப் பலரும் கூச்சத்தில் கேட்காமல் விடுகிறார்கள். “திருப்பித் தரப்படாது” என்று மொட்டையாக எழுதுவதும் நியாயமாகாது. மாதிரிகளைக் காட்டும் முன் நிறுவனம் விலகினால் 9,000 திரும்பும், காட்டிய பின் விலகினால் 18,000 முழுவதும் வடிவமைப்பாளருக்கு, அவரே விலகினால் முழுத் தொகையும் திரும்பும் என்று பிரித்து எழுதினால் இருவருக்கும் நியாயம்.

கடைசித் தவணையில் கோப்புகளோடு இன்னொன்றும் கைமாற வேண்டும். பணம் முழுவதையும் கொடுத்துவிட்டதால் லோகோ தன்னுடையதாகிவிட்டது என்று வாங்கியவர் நினைப்பது இயல்பு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் தனியாகத் தொழில் செய்பவர் வரைந்த இத்தகைய படைப்புக்குப் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். உரிமை மாற வேண்டுமானால் அவர் கையெழுத்திட்ட எழுத்துவடிவ ஆவணம் தேவை. அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்ளும் மட்டுமே உரிமை மாறியதாகச் சட்டம் கொள்ளும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ எண்ணெய் அனுப்பும் எண்ணம் இருந்தால் இது முக்கியம். ஆகவே நான்காம் தவணையின் வாசகம் இப்படி அமைய வேண்டும்: “9,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் பெற்றுக்கொண்டு, மூலக் கோப்புகளையும், உலகம் முழுமைக்கும் பதிப்புரிமைக் காலம் முழுமைக்குமான உரிமை மாற்றக் கடிதத்தையும் வடிவமைப்பாளர் அதே நாளில் தர வேண்டும்.”