85 வயதில் தீர்ந்துபோகும் பணம்

ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு பணம் தேவை என்று கணக்கிடும் பலர், சராசரி ஆயுளை எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால், சராசரி என்பது எல்லையல்ல. சிங்கப்பூரில் இன்று 65 வயதில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 85 வயதைத் தாண்டி வாழ்வார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறது. சேமிப்பு தீர்ந்த பிறகும் வாழ நேரும் இந்த நிலையைத்தான் நிதித் துறையில் ‘நீண்ட ஆயுள் அபாயம்’ என்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரிடம் 65 வயதில் 200,000 வெள்ளி இருக்கிறது. ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி கிடைக்கிறது. அவர் மாதம் 1,200 வெள்ளி எடுத்தால், பணம் சுமார் 20 ஆண்டுகளில், அதாவது 85 வயதில், தீர்ந்துவிடும். 95 வயது வரை நீடிக்க வேண்டுமானால் மாதம் 955 வெள்ளிதான் எடுக்க முடியும். அப்படிச் சிக்கனமாக வாழ்ந்தவர் 75 வயதில் இறந்துவிட்டால், ஏறத்தாழ 157,000 வெள்ளி செலவாகாமல் நின்றுவிடும். தனியாகத் திட்டமிடுபவருக்கு இரு பக்கமும் சிக்கல்தான்.

ஒருவர் எத்தனை வயது வரை வாழ்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், பல்லாயிரம் பேரில் எத்தனை பேர் 95 வயதை எட்டுவார்கள் என்பதை ஓரளவு சரியாகக் கணிக்கலாம். 2009ல் அறிமுகமான ‘சிபிஎஃப் லைஃப்’ திட்டம் இந்த அடிப்படையில் இயங்குகிறது. உறுப்பினர்களின் மத்திய சேமநிதிப் பணம் ஒரு பொது நிதியில் சேர்கிறது. அதற்கான வட்டியும் அங்கேயே போகிறது. முன்னதாக இறப்பவர்கள் ஈட்டிய வட்டி, நீண்ட காலம் வாழ்பவர்களுக்குக் கைகொடுக்கிறது.

நம் எடுத்துக்காட்டில் இருப்பவர் 200,000 வெள்ளியைச் செலுத்தி, மாதம் 1,100 வெள்ளி பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 75 வயதில் அவர் இறந்தால், பெற்ற 132,000 போக மீதமுள்ள 68,000 வெள்ளி குடும்பத்துக்குக் கிடைக்கும், வட்டி கிடைக்காது. 80 வயதைத் தாண்டிய சில மாதங்களில் அவர் செலுத்திய தொகை முழுவதும் திரும்பக் கிடைத்திருக்கும். அதன் பிறகு இறந்தால் அந்தத் தொகையிலிருந்து குடும்பத்துக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால், அவர் உயிரோடு இருக்கும் வரை மாதத் தொகை நிற்காது. 95 வயதுக்குள் 396,000 வெள்ளி பெற்றிருப்பார்.

இத்திட்டத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாதத் தொகை மாறாமலிருக்கும்போது விலைவாசி ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறினால், 65 வயதில் கிடைக்கும் 1,100 வெள்ளிக்கு 85 வயதில் இன்றைய 740 வெள்ளியின் மதிப்பே இருக்கும். அதனால்தான் தொகை ஆண்டுக்கு 2 விழுக்காடு உயரும் தெரிவும் உள்ளது. அதில் தொடக்கத் தொகை குறைவு. தொகை பெறத் தொடங்குவதை 70 வயது வரை தள்ளிவைப்பது இன்னொரு வழி. தள்ளிவைக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 7 விழுக்காடு வரை கூடும்.

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால், அவர்களுக்கு வரும் மாத வருமானத்தில் எது ஆயுள் முழுதும் வரும், எது ஒருநாள் நின்றுவிடும் என்று பெற்றோருடன் சேர்ந்து பட்டியலிட்டுப் பாருங்கள். நின்றுவிடக்கூடிய தொகை எவ்வளவோ, அந்த அளவுக்கு அபாயமும் இருக்கிறது.