பாதி மாதத்தில் பிளான் மாற்றினால் பில் ஏன் எகிறுகிறது?

வீட்டு இன்டர்நெட் பிளானை ஜூன் 16ஆம் தேதி மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழையது மாதம் 600 ரூபாய், புதியது 900. வரியோடு சேர்த்து 1,062 வரும் என்று பார்த்தால், பில் 1,239 என்கிறது. உள்ளே ‘புரோ ரேட்டா’ என்று இரண்டு வரிகள். கஸ்டமர் கேருக்குப் போன் போடும் முன் அந்த இரண்டு வரிகளைப் படித்துவிடுங்கள்.

மாதத்தின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பாதிச் சம்பளம் போடுவதில்லையா? அதே கணக்குதான் புரோ ரேட்டா. மாத வாடகையை அந்த மாதத்தின் நாட்களால் வகுத்து, சேவை இருந்த நாட்களால் பெருக்குவார்கள்.

பல நிறுவனங்கள் வாடகையை முன்கூட்டியே வாங்கிவிடுகின்றன. ஜூனுக்கான 600 ரூபாயை நீங்கள் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அதில் 16 முதல் 30 வரை, 15 நாட்களுக்குப் பழைய பிளான் இல்லை. நாளுக்கு 20 வீதம் 300 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வரவேண்டும்; பில்லில் இது கழித்தல் குறியோடு இருக்கும். அதே 15 நாட்களுக்குப் புதிய பிளான் நாளுக்கு 30 வீதம் 450. ஜூலைக்கான அட்வான்ஸ் 900. ஆக 1,050; அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 189. மொத்தம் 1,239. பில் சரிதான். அடுத்த மாதம் 1,062க்கு இறங்கிவிடும்.

தவறு நடந்தால் பெரும்பாலும் அந்தக் கழித்தல் வரியில்தான் தெரியும். அது விடுபட்டிருந்தால் தொகை 1,593 ஆகிவிடும். வரி போட்ட பிறகு வெறும் 300ஐக் கழித்திருந்தால் 1,293 வரும். அந்த 300க்கு நீங்கள் முன்பு கட்டிய 54 ரூபாய் வரி திரும்பவில்லை என்று பொருள். இப்படி இருந்தால் தேதியையும் தொகையையும் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.

ரீஃபண்டில்தான் எனக்கு அதிகக் கவலை. வரியை விட்டுவிட்டுப் பார்ப்போம். மாதம் 1,000 ரூபாய் பிளானை, ஆண்டுச் சந்தாவாக 9,000 கட்டி எடுக்கிறீர்கள். நான்கு மாதத்தில் நிறுத்தினால், மீதி எட்டு மாதத்துக்குப் புரோ ரேட்டாவாக 6,000 வரவேண்டும். சில நிறுவனங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. நின்றுவிட்டதால் தள்ளுபடி கிடையாது என்று நான்கு மாதத்துக்கு 4,000 எடுத்துக்கொண்டு 5,000 தருகின்றன. இது புரோ ரேட்டா அல்ல. இன்னும் சில சந்தாக்களில் பணமே திரும்பாது. கட்டிய காலம் முடியும்வரை சேவை மட்டும் தொடரும்.

எந்தக் கணக்கு என்பது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் இருக்கும். ஆகவே ஆண்டுச் சந்தா கட்டும் முன்பே, “இடையில் நிறுத்தினால் எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.