‘நாங்கள்’ கிளப்பிய சண்டை

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குலதெய்வக் கோயில் படையல். பங்காளிகள் எல்லோரும் ஒன்றுகூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு கிளை ஊரிலேயே இருக்கிறது. இன்னொரு கிளையின் தாத்தா மலாயாவுக்கு ரப்பர் பால்மரம் வெட்டப் போனவர்; அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிள்ளானில் தங்கிவிட்டார்கள். இந்த முறை கிள்ளான்காரர்கள் ஆறு பேர் வருவதாக முடிவாகி, திருச்சிக்கு விமானச் சீட்டும் எடுத்தாகிவிட்டது. படையலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதோடு கிடாவுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் வரைக்கும் விஷயம் முற்றிவிட்டது.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் அந்தச் செய்தி பட்ட பாட்டில் கற்பனைக்கு வேலை குறைவு. மொழிபெயர்ப்புச் செயலிகள் நாள்தோறும் செய்வதைத்தான் இந்தக் கதையிலும் செய்கின்றன.

கிள்ளான் பேரன் தேசியப் பள்ளியில் மலாயில் படித்தவன். வீட்டில் தமிழ் பேசுவான். எழுதவும் படிக்கவும் வராது. மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக்குப் போகாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் இப்படிப் பலர் உண்டு. ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கு எழுத வேண்டியிருந்ததால் மலாயில் தட்டி, தமிழாக்கச் சொல்லி அனுப்பினான். அவன் எழுதியது இது: “கித்தா செமுவா ஜும்பா டி குயில் ஹாரி சப்து. மக் சிக் தக் பாயா மாசக்.” சனிக்கிழமை நாம எல்லாரும் கோயில்ல பார்ப்போம், நீங்க சமைக்கணும்னு இல்லை என்பது அவன் மனசில் இருந்தது. மூட்டுவலிக்காரப் பெரியம்மா ஐம்பது பேருக்கு அடுப்படியில் நிற்கக்கூடாது என்ற அக்கறை. (அந்த மலாய் ‘குயில்’ நம் கோயில்தான். கடல் கடந்து போய்ப் பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது.)

பெரியம்மாவின் கைபேசியில் விழுந்தது வேறு: “நாங்கள் அனைவரும் சனிக்கிழமை கோவிலில் சந்திக்கிறோம். அத்தை சமைக்க வேண்டியதில்லை.”

எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை. ஒருவர் உட்கார்ந்து நிதானமாக எழுதியதுபோல் இருக்கிறது. அதனால்தான் குத்தியது.

தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. “நாம சினிமாவுக்குப் போறோம்” என்று காதில் விழுந்தால் குழந்தை செருப்பைத் தேடும். “நாங்க சினிமாவுக்குப் போறோம்” என்றால் அழ ஆரம்பிக்கும். மூன்று வயதில் பிடிபட்டுவிடும் இந்த வேறுபாட்டை இலக்கண நூலார் உளப்பாட்டுத் தன்மை என்கிறார்கள். தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ என்றும், மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என்றும் இதே பிரிவு இருக்கிறது. மராத்தியிலும் குஜராத்தியிலும்கூட உண்டு.

வேடிக்கை என்னவென்றால், மலாயிலும் உண்டு. கேட்பவரைச் சேர்த்தால் ‘கித்தா’, விலக்கினால் ‘காமி’. பேரன் சரியாகத்தான் ‘கித்தா’ போட்டான். புறப்பட்ட மொழியில் இந்த வேறுபாடு இருக்கிறது, போய்ச் சேர்ந்த மொழியிலும் இருக்கிறது. பிறகு எங்கே தொலைந்தது?

வழியில் தொலைந்தது. மலாயிலிருந்து தமிழுக்கு நேராக மொழிபெயர்த்த வாக்கியங்கள் குறைவு. ஒரு மொழியையும் ஆங்கிலத்தையும் எதிரெதிரே வைத்த வாக்கியங்களோ ஏராளம். ஆகவே இப்படிப்பட்ட இணைகளுக்குப் பல செயலிகள் நெடுங்காலமாக ஆங்கிலத்தை இடைத்தங்கலாக வைத்துக்கொண்டன: முதலில் மலாய் ஆங்கிலமாகும், பிறகு ஆங்கிலம் தமிழாகும். பயனருக்கு அந்த நடு வாக்கியம் கண்ணில் படாது. ஆங்கிலத்துக்கு இருப்பது ‘வீ’ என்ற ஒரே சொல். ‘கித்தா’வும் ‘காமி’யும் அதற்குள் நுழைந்தால் ஒன்றாகிவிடும். மறுபக்கம் தமிழாக வெளியே வரும்போது ‘நாமா, நாங்களா’ என்று செயலி ஊகித்தாக வேண்டும். அது கற்றுக்கொண்ட வாக்கியங்களில் செய்தி அறிக்கைகளும் நிறுவனங்களின் அறிவிப்புகளும் நிறைய இருக்கும். ‘நாங்கள் உங்களைத் தொடர்புகொள்வோம்’ என்பது அவற்றின் பாணி. அந்தப் பழக்கத்தில் ‘வீ’யைக் கண்டதும் ‘நாங்கள்’ என்று எழுதிவிடுவது சாதாரணம்.

பேரனே தமிழில் பேசியிருந்தால் அந்தச் சொல்லே வந்திருக்காது. “சனிக்கிழமை கோயில்ல பார்ப்போம் பெரியம்மா” என்று சொல்லியிருப்பான். வினைச்சொல்லின் ‘ஓம்’ விகுதி இரண்டு வகைக்கும் பொது. பேச்சின் போக்கில் அது சேர்த்துக்கொள்வதாகத்தான் கேட்கும். எழுவாய் இல்லாமல் வாக்கியம் அமைவது தமிழுக்கு இயல்பு. ஆங்கிலம் எழுவாயைக் கேட்கும். கேட்டு வாங்கிய எழுவாயைத் தமிழாக்கம் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது.

இன்னொரு அடி ‘அத்தை’. மலாய் ‘மக் சிக்’ என்பது அம்மா வயதுப் பெண்கள் யாரையும் அழைக்கும் சொல். ஆங்கிலத்தில் அது ‘ஆன்ட்டி’. தமிழில் பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி என்று அதற்கு ஒரு வரிசையே இருப்பதால், செயலி ஒன்றைப் பிடித்துப் போட்டது. வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். குலதெய்வக் காரியத்தில் அது சிரிப்பாக இல்லை. குலதெய்வம் தகப்பன் வழியில் வருவது. பங்காளி வீட்டுப் பெரியம்மா படையலை நடத்துகிறவர். அத்தை என்பவர் இந்த வீட்டில் பிறந்து வேறு வீட்டுக்குப் போனவர். அவருக்குக் கணவன் வீட்டுச் சாமி. ஆண்டுதோறும் பொங்கல் பானையை இறக்கும் கையைப் பார்த்து, ‘அத்தை சமைக்க வேண்டியதில்லை’ என்றால், நீங்கள் பங்காளியே இல்லை என்று சொன்னதுபோல் ஆயிற்று. ‘நாங்கள் அனைவரும்’ என்று முன்னால் ஒரு வேலி வேறு.

பெரியம்மா பதில் எழுதவில்லை. மகன் எழுதினார்: “சரி. நாங்க வரல. நீங்களே பாத்துக்கங்க.” கோபத்தை மரியாதைக்குள் மடித்து வைத்த மூன்று வாக்கியங்கள். தமிழ்க் காதுக்கு ஒவ்வொன்றும் சுடும்.

இது கிள்ளானுக்குப் போன வழியிலும் சூடு ஆறியது. ‘வரல’ என்பது ‘வரவில்லை’யின் பேச்சு வடிவம். அதில் காலம் இல்லை. “நேத்து வரல” என்றாலும் “நாளைக்கு வரல” என்றாலும் அதே சொல்தான். பக்கத்தில் நாளைக் குறிக்கும் சொல் இல்லாவிட்டால், செயலி பெரும்பாலும் இறந்தகாலத்துக்குத்தான் சாயும்: நாங்கள் வந்திருக்கவில்லை. ‘பாத்துக்கங்க’வோ, கவனமாக இருங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பக்கமாகத் திரும்பியது. பேரன் படித்தது இதுதான்: சரி, நாங்கள் வரவில்லையே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கு வர முடியவில்லை என்று வருந்துகிறார்கள் போல என்று நினைத்து, பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினான்.

அந்தச் சிரிப்புப் பொம்மைதான் கிடாவைக் காப்பாற்றப் பார்த்தது. மகன் போய் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் சொல்லியாகிவிட்டது.

கடுமையான மொழிபெயர்ப்புப் பிழை இதைவிடப் பெரிய விலை கேட்டதும் உண்டு. 2017 அக்டோபரில், மேற்குக்கரையில் கட்டட வேலை பார்த்த பாலஸ்தீனர் ஒருவர் புல்டோசர் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, அரபியில் காலை வணக்கம் என்ற பொருள்பட ஒரு சொல் எழுதினார். தளத்தின் தானியங்கி மொழிபெயர்ப்பு எபிரேயத்தில் அதை ‘அவர்களைத் தாக்கு’ என்று காட்டியது. இஸ்ரேலியக் காவல்துறை அவரைக் கைது செய்து, சில மணி நேரம் விசாரித்த பிறகே விட்டது. கைதுக்கு முன் அரபி தெரிந்த அதிகாரி எவரும் மூலச்சொல்லைப் படித்திருக்கவில்லை. ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. அங்கும் பிழையான வரி தடுமாறித் தெரியவில்லை, திருத்தமாகத் தெரிந்தது.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011இல். அப்போதைய முறை துண்டு துண்டாகக் கோத்தது. தமிழாக்கம் நொண்டி நொண்டி நடக்கும். படித்தவுடனே ‘இது மிஷின் வேலை’ என்று தெரிந்துவிடும். பெரியம்மா அதைப் பார்த்துச் சிரித்திருப்பார். 2017இல் தமிழுக்கும் நரம்பியல் வலைப்பின்னல் முறை வந்தது. வாக்கியம் முழுவதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால் ஓட்டம் கிடைத்தது. பிழைகள் போய்விடவில்லை, நல்ல சட்டை போட்டுக்கொண்டன. ஓட்டமான தமிழைப் படிப்பவர், அனுப்பியவரே யோசித்து எழுதியதாக எடுத்துக்கொள்வார். சொல்லுக்குச் சொல் வஞ்சம் தேடுவதும் அப்போதுதான்.

சரிபார்க்க ஒரு வழி எல்லோருக்கும் தோன்றும்: வந்த தமிழை மறுபடி மலாய்க்கு மாற்றிப் பார்ப்பது. இந்தப் பிழை அதில் சிக்காது. ‘நாங்கள்’ ஆங்கிலத்தில் ‘வீ’ ஆகி, மலாயில் ‘கித்தா’வாகவே திரும்பி வரலாம். பேரன் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று நினைப்பான். ‘அத்தை’யும் ‘மக் சிக்’காகத் திரும்பி வரும். போகும் வழியில் தொலைந்தது, திரும்பும் வழியில் ஊகத்தால் நிரம்பிவிடும்.

பலன் தருவது, மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும் வாக்கியத்தையே மாற்றுவது. ‘நாம்’ என்ற பொருள் வேண்டுமென்றால் அதை ஒரு பிரதிபெயரின் தலையில் கட்டக்கூடாது. ‘நீங்களும் வாருங்கள், நாங்களும் வருகிறோம்’ என்று இரு தரப்பையும் தனித்தனியாகச் சொன்னால், எந்த இடைத்தங்கலிலும் அது தொலையாது. உறவுமுறைக்குப் பதில் பெயரோடு எழுதலாம். பெயரைச் சொல்லி அழைப்பது மரியாதையில்லை என்றால் குரல் பதிவு அனுப்பலாம். பேரனுக்குத் தமிழ் பேசத்தான் தெரியுமே. வருவதையும் வராததையும் பற்றி எழுதும்போது நாளையும் சேர்த்து எழுத வேண்டும்: ‘சனிக்கிழமை வர மாட்டோம்’ என்பதில் காலம் தெளிவாக இருக்கிறது, ‘வரல’ என்பதில் இல்லை.

கதையில் இதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. பேரனின் அப்பா, விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்ல ஊருக்குப் போன் போட்டார்.

“அண்ணே, காலைல ஆறு மணிக்கு வண்டி வந்துருமா?”

“எந்த வண்டி?”

“திருச்சிக்குத்தான். நம்மள அழைச்சிட்டுப் போக.”

அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. “நம்மளா? நீங்கதான் எங்கள வேணாம்னு எழுதிட்டீங்களே” என்றார். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அரை மணி நேரம் இரண்டு பக்கமும் செய்திகளை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார்கள். பெரியம்மா போனைப் பிடுங்கி, “எவன்டா என்னை அத்தைன்னு சொன்னவன்?” என்று கேட்டார். கிடாக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. சமையல்காரர் மட்டும் வேறு வீட்டுக் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகவே கடைசியில் பெரியம்மாதான் சமைக்க வேண்டியதாயிற்று.