ஒரு குமிழின் விலை

பழைய ஆம்ப்ளிஃபயரின் குமிழ் உடைந்துவிட்டால் கடையில் அதே மாதிரி கிடைப்பதில்லை. 3டி பிரிண்டர் வைத்திருப்பவரிடம் போனால் செய்து தருவார். ஆனால் ஒன்றுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். "பிளாஸ்டிக்தானே, இவ்வளவா?"

பன்னிரண்டு கிராம் எடையுள்ள குமிழ் என்று வைத்துக்கொள்வோம். இழை கிலோ 1,000 ரூபாய் என்றால் பொருள் 12 ரூபாய். இயந்திரம் ஒரு மணி நேரம் ஓட 20 ரூபாய். ஆக 32. இதில் தோற்றுப்போகும் அச்சுகளையும் சேர்க்க வேண்டும். பத்தில் ஒன்று வீணானால் 32-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 36. பலர் பத்து சதவீதத்தைக் கூட்டி 35 என்கிறார்கள். பாதி வீணாகும் கடினமான வேலையில் அப்படிக் கூட்டினால் 48-தான் வரும், உண்மைச் செலவோ 64. பிசிறு எடுக்கக் கூலி 15. அளவெடுத்து வரைபடம் போட 300. இந்த 300 ஒரே குமிழின் தலையில் விழுந்தால் அடக்கமே 351. இருபது குமிழ் கேட்டால் தலைக்கு 15-தான், அடக்கம் 66-க்கு இறங்கிவிடும். லாபம் அதற்கு மேல்.

அளவுதான் பெரிய தலைவலி. வாடிக்கையாளர் ஸ்கேலை வைத்து "ஆறு மில்லிமீட்டர்" என்பார். அது 5.9-ஆ 6.1-ஆ என்பது ஸ்கேலில் தெரியாது. உடைந்த குமிழின் துளை விரிந்திருக்கும், அதை நம்பக் கூடாது. தண்டையே காலிப்பரால் அளக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையான தண்டென்றால் தட்டையிலிருந்து எதிர்ப்புற வளைவு வரைக்குமான அளவும் வேண்டும், பெரும்பாலும் 4.5 மி.மீ. அச்சில் துளைகள் சற்றுச் சுருங்கியே வரும். அதனால் 6.1, 6.2, 6.3 என மூன்று சிறு வளையங்களை மட்டும் முதலில் அச்சிட்டுத் தண்டில் மாட்டிப் பார்ப்பது உத்தமம். சில நிமிட வேலை, ஒரு மணி நேரம் மிச்சம்.

தரம் பார்க்க அதே அளவுள்ள தண்டுத் துண்டு ஒன்று மேசையில் இருந்தால் போதும். அடுக்குகள் பிரிகின்றனவா, அடிப்பகுதி பிதுங்கித் துளையை அடைக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்க்கலாம். இழைச்சுருளோ நாசிலோ மாற்றினால் முதல் துண்டைக் கூடுதல் கவனத்தோடு சோதிக்க வேண்டும்.

தோல்விக் குறிப்பேட்டில் தொடங்கிய எல்லா அச்சுகளையும் எழுத வேண்டும், நடுவில் நிறுத்தியவற்றையும் சேர்த்து. எதனால் போயிற்று, எத்தனை கிராம் வீண் என்பதும் வேண்டும். முதல் அடுக்கு ஒட்டாமல் போனால் நஷ்டம் கொஞ்சம், கடைசியில் போனால் முழுதும். மழைக்காலத்தில் தோல்வி ஏறினால், நாசிலில் படபடவென்று சத்தம் கேட்டால், இழை ஈரம் குடித்திருக்கிறது. காரணம் பிரிக்காத சதவீதத்தால் விலை போடலாம், குறையைத் திருத்த முடியாது.

குமிழ் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒன்று: படம் அனுப்புவதோடு நிற்காமல், முடிந்தால் ஆம்ப்ளிஃபயரையே எடுத்துப் போங்கள்.