அட்வான்ஸ் எவ்வளவு, தேதி எப்போதிலிருந்து?

கல்யாணத்துக்கு ஓர் ஆரி வேலை பிளவுஸ் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசிய விலை 6,000 ரூபாய். அதில் மணி, ஜரிகை, கல் எல்லாம் சேர்த்து 1,200. ஆரி போடுபவருக்கு நாளைக்கு 700 வீதம் நாலு நாள் கூலி 2,800. லைனிங்கோடு தையலுக்கு 800. மிச்சம் 1,200 நம் லாபம்.

வந்தவர் 500 ரூபாயை நீட்டி, “ஆரம்பிச்சிடுங்க” என்கிறார். நாமும் ஆரம்பித்துவிடுகிறோம். இரண்டாம் நாள் மாலை போன் வருகிறது: “வேண்டாம்க்கா, வேற இடத்துல பாத்துட்டோம், அட்வான்ஸை மட்டும் திருப்பிக் கொடுத்திடுங்க.” அதற்குள் பொருளுக்கும் இரண்டு நாள் கூலிக்கும் 2,600 போயாயிற்று. அவர் அளவுக்கு, அவர் கேட்ட டிசைனில், அவர் கொண்டுவந்த துணியில் போட்ட வேலை. இன்னொருவருக்கு விற்க வழியில்லை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அட்வான்ஸை நாம் வீட்டு அட்வான்ஸ் போல நினைத்துக்கொள்கிறோம். அது வீட்டுக்காரரிடம் அப்படியே இருக்கும், காலி செய்தால் திரும்பி வரும். இங்கே வாங்கும் பணமோ முதல் நாளே மணிக்கடைக்குப் போய்விடுகிறது. ஆகவே பாதி, கால்வாசி என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, ‘இந்தக் கட்டத்தில் நின்றால் கையை விட்டு எவ்வளவு போயிருக்கும்?’ என்று கேட்டுப் பார்ப்போம். நம் கணக்கில், துணியை ஃப்ரேமில் மாட்டுவதற்கு முன் 2,600. இரண்டாம் நாள் ஒரு கை முடிந்ததும் போட்டோ அனுப்பி, இன்னொரு 1,400. அது வந்த பிறகுதான் மூன்றாம் நாள் வேலை. மீதி 2,000 டெலிவரியில். 4,000 கொடுத்தவர் பிளவுஸை விட்டுப்போவது அபூர்வம்.

இதை முதலிலேயே பில்லில் எழுதி, படித்துக் காட்டிவிட வேண்டும். ஃப்ரேமில் ஏற்றும் முன் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். ஏற்றிய பின் செலவானது போக மீதி. நஷ்டத்துக்கு மேல் பிடித்துவைப்பது நியாயமில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது.

தேதிக்கு வருவோம். ஆர்டர் பேசிய நாளிலிருந்து எண்ணினால் மாட்டிக்கொள்வோம். துணி, அளவு, முடிவான டிசைன், முதல் தவணை நான்கும் கைக்கு வந்த நாளே முதல் நாள். நாலு நாள் ஆரி, ஒரு நாள் தையல், போட்டுப் பார்த்துத் திருத்த இரண்டு நாள். இதோடு இந்த ஆர்டருக்கு முன்னால் ஃப்ரேமுக்குக் காத்திருக்கும் வேலைகளின் நாட்களையும் கூட்ட வேண்டும். முகூர்த்த மாதத்தில் பலர் மறப்பது இதைத்தான். நடுவில் கழுத்து டிசைனை மாற்றச் சொன்னால், புதுத் தேதியை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் “சரி” என்று பதில் போட்ட பிறகு ஊசியை எடுக்கலாம்.

பில்லில் கல்யாணத் தேதியும் இருக்கட்டும். அந்த நாளுக்குள் நம்மால் கொடுக்க முடியாமல் போனால், துணியோடு வாங்கிய பணம் முழுவதையும் நாம் திருப்பித் தர வேண்டியதுதான்.