களிம்பும் துருவும்

புதிதாக வேய்ந்த செப்புக் கூரை செம்பொன்போல மின்னும். சில மாதங்களில் வளியின் ஒட்சிசன் அதன்மேல் ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்க, நிறம் கபிலமாகும். பின்னர் பல ஆண்டுகளாக ஈரமும் வளியிலுள்ள கந்தகவீரொட்சைட்டும் தாக்கி, Cu₄SO₄(OH)₆ என்னும் பச்சைச் சேர்வை படியும். கடலோரமாயின் உப்புக்காற்றால் பச்சைக் குளோரைட்டும் சேரும். இதையே களிம்பு என்கிறோம்.

இரும்பில் நீரும் ஒட்சிசனும் சேர்ந்து உண்டாக்குவது செங்கபிலத் துரு. அது நீரேறிய இரும்பு ஒட்சைட்டு, Fe₂O₃·nH₂O.

களிம்பு உலோகத்தை இறுகப் பற்றி, உள்ளேயுள்ள செம்பைக் காக்கும். துருவோ தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் வெடித்து உதிரும். புதிய இரும்பு வெளிப்பட்டு, அதுவும் துருப்பிடிக்கும்.

இரண்டையும் ஒருங்கே காட்டுவது நியூயோர்க் துறைமுகத்தின் சுதந்திரதேவி சிலை. 1886இல் திறக்கப்பட்ட அதன் செப்புத் தோல் ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர் தடிப்பே. பச்சையாகிய அத்தோல் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் அதைத் தாங்கிய இரும்புச் சட்டங்கள் உள்ளே கெட்டன. செம்பும் இரும்பும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டால், இலத்திரன்களை எளிதில் இழக்கும் இரும்பே விரைந்து அரிக்கப்படும். இடையிலிருந்த காவலி பழுதானதும் அதுவே நடந்தது; பருத்த துரு தறையாணிகளையும் பிடுங்கியது. 1986இல் முடிந்த திருத்தத்தில் அச்சட்டங்களுக்குப் பதிலாகக் கறையில்லா உருக்குச் சட்டங்கள் பொருத்தப்பட்டன. களிம்பை மட்டும் அகற்றாமல் விட்டார்கள். சிலைக்குக் காவல் அதுவே.